மாதம் 5,000 ரூபாய், 20 வருடம்: 46 லட்சம் எப்படிச் சேர்கிறது?

மாதம் 5,000 ரூபாய், வருடத்துக்கு 12 சதவீத வளர்ச்சி, 20 வருடம். இதை, மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் தவணை கட்டும் எஸ்ஐபி முறைக்கான கால்குலேட்டரில் போட்டால் சிலவற்றில் கிட்டத்தட்ட 50 லட்சம் வரும், சிலவற்றில் 46 லட்சம். நாம் கட்டுவது என்னவோ இரண்டிலும் 12 லட்சம்தான். 4 லட்ச வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

வருட வளர்ச்சியை மாத வளர்ச்சியாக மாற்றும் இடத்திலிருந்துதான். 50 லட்சம் காட்டும் கால்குலேட்டர், 12-ஐ 12-ஆல் வகுத்து மாதம் 1 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறது. ஆனால் மாதம் 1 சதவீதம் வட்டிக்கு வட்டியாக 12 மாதம் ஏறினால் வருட முடிவில் 12.68 சதவீதம் ஆகிவிடும். நாம் கேட்டது 12. அதற்குச் சரியான மாத விகிதம் சுமார் 0.949 சதவீதம். பார்க்கச் சின்ன வித்தியாசம், 20 வருடத்தில் அது 4 லட்சமாக வளர்ந்துவிடுகிறது. எக்செலில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்:

```
=FV(1.12^(1/12)-1, 240, -5000, 0, 1)
```

கடைசியில் உள்ள 1, தவணை மாதத் தொடக்கத்தில் கட்டப்படுகிறது என்பதைக் குறிக்கிறது. விடை சுமார் 45.99 லட்சம். உங்கள் கால்குலேட்டர் எந்த ரகம் என்று தெரிய, காலத்தை ஒரே வருடமாகக் குறைத்துப் பாருங்கள். 63,832 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்தால் சரி. 64,047 வந்தால் அது வகுத்துப் போடும் ரகம்.

இந்த 63,832 கையில் இருந்தால் மீதிக் கணக்கு சுலபம். ஒரு வருடத்தில் கட்டிய 60,000 ரூபாய், அந்த வருட முடிவில் இந்தத் தொகையாக நிற்கிறது. அடுத்த வருடம் அது 12 சதவீதம் ஏறும், கூடவே புதிதாக ஒரு 63,832 சேரும்: மொத்தம் 1,35,324. மூன்றாம் வருட முடிவில் 2,15,395. இப்படியே 20 முறை.

இதில் எந்த வருடப் பணம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். முதல் வருடத் தவணைகள் இன்னும் 19 வருடம் ஓடி, 8.6 மடங்காகி, சுமார் 5.5 லட்சம் ஆகின்றன. கடைசி வருடத்தின் அதே 60,000, வெறும் 63,832-லேயே நின்றுவிடுகிறது. முதல் 10 வருடத்தில் கட்டிய 6 லட்சம் முடிவில் 34.8 லட்சமாகிறது. அடுத்த 10 வருடத்தின் 6 லட்சம் 11.2 லட்சம்தான். ஒரு வருடம் தாமதமாகத் தொடங்கி அதே தேதியில் முடித்தால் போவது 60,000 அல்ல, அந்த 5.5 லட்சம்.

சரி, ஆனால் எந்தப் பங்குச் சந்தை ஃபண்டும் வருடா வருடம் தவறாமல் 12 சதவீதம் தராது. இந்தச் சூத்திரத்தின் பெரிய குறை அதுதான். 20 வருடத்தில் ஒரே ஒரு வருடம் மட்டும் 30 சதவீதம் சரிவு, மற்ற 19 வருடமும் 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தமாக ஒரே தடவையில் போட்ட பணத்துக்கு அந்தச் சரிவு எந்த வருடம் வந்தாலும் விடை ஒன்றே. பெருக்கலில் வரிசை மாறினால் ஒன்றும் ஆகாது. மாதத் தவணைக்கு அப்படி இல்லை. சரிவு முதல் வருடம் வந்தால் அடி வாங்குவது அந்த ஒரு வருடத் தவணைகள் மட்டுமே, முடிவில் சுமார் 44.8 லட்சம் கிடைக்கும். அதே சரிவு 20-ஆவது வருடம் வந்தால் அதுவரை சேர்ந்த 40.5 லட்சமும் மொத்தமாக அடி வாங்கும், மிஞ்சுவது 28.8 லட்சம். கட்டிய தொகை, சரிந்த அளவு எல்லாம் ஒன்றுதான். சரிவு வந்த வருடம் மட்டும் வேறு. அதற்கு 16 லட்சம் வித்தியாசம்.

அதனால்தான் பணம் தேவைப்படும் தேதிக்குச் சில வருடம் முன்பே, சேர்ந்ததைக் கடன் பத்திர ஃபண்டு போன்ற அதிகம் ஆடாத இடத்துக்கு மாற்றச் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. 17 வருடம் முடிந்ததும் இருக்கும் 31.2 லட்சத்தையும் பின்வரும் தவணைகளையும் 7 சதவீதம் தரும் இடத்துக்கு மாற்றினால், முடிவில் சுமார் 40.2 லட்சம் வரும். மாற்றும்போது கட்ட வேண்டிய வரி இதில் சேரவில்லை. மாற்றாமல் இருந்து, சந்தையும் நம் கணக்குப்படியே நடந்தால் 46 லட்சம். நேரம் பார்த்துக் கடைசி வருடத்தில் சரிந்தால் 28.8 லட்சம். கல்லூரிக் கட்டணம்போல் தேதி தள்ளிப்போட முடியாத செலவு என்றால், நான் 40.2-ஐத்தான் எடுப்பேன்.