எலுமிச்சைப் புல் தேநீர்: ‘பிபிக்கு நல்லது’ என்றால் எந்த பிபிக்கு?

மழைக்காலம் வந்துவிட்டால், சளியோடு வருகிறவர்களில் சிலர் தலைசுற்றலையும் சேர்த்துச் சொல்கிறார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், “ரெண்டு நாளா சாப்பாடே இறங்கல, லெமன்கிராஸ் கஷாயம்தான் குடிச்சிட்டிருக்கேன்” என்று பதில் வருகிறது. உங்களுக்கு ஏற்கெனவே பிரஷர் குறைவாயிற்றே என்றால், “அதுக்காகத்தான் டாக்டர், பிபிக்கு நல்லதுன்னு போட்டிருந்தாங்க” என்கிறார்கள். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நம் பேச்சில் “அவருக்கு பிபி இருக்கு” என்றால் ரத்த அழுத்தம் கூடுதலாக இருக்கிறது என்றுதான் பொருள். ஆகவே “பிபிக்கு நல்லது” என்று ஒரு மூலிகையைப் பற்றி எழுதினால், அது அழுத்தத்தைக் குறைக்கும் என்றே எழுதுகிறார்கள். 95/60-இல் இருக்கும் ஒருவர் அதைப் படித்துவிட்டுத் தனக்கும் நல்லது என்று எடுத்துக்கொண்டால், வேண்டியதற்கு நேர் எதிரானதைக் குடிக்கிறார். “கூடியிருந்தால் குறைக்கும், குறைந்திருந்தால் கூட்டும், சமப்படுத்திவிடும்” என்றும் சிலர் சொல்கிறார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். உங்கள் அழுத்தம் இப்போது எவ்வளவு என்று பார்த்து வேலை செய்யும் இலை எதுவும் கிடையாது.

பெயரினாலும் ஒரு குழப்பம் வருகிறது. லோ பிபி என்றால் உப்பும் சர்க்கரையும் போட்டு எலுமிச்சைச் சாறு குடிக்கச் சொல்வது நம் வீடுகளில் வழக்கம். அதில் கைகொடுப்பது தண்ணீரும் உப்பும். எலுமிச்சைப் புல்லுக்கும் எலுமிச்சம் பழத்துக்கும் வாசனை மட்டும்தான் ஒன்று. சிட்ரால் என்ற மணப்பொருள் இரண்டிலும் இருக்கிறது. புல்லில் அந்தப் புளிப்பும் இல்லை, போட்ட உப்பும் இல்லை. சாற்றுக்குப் பதிலாக இதைக் குடித்தால், வெந்நீர் உள்ளே போயிருக்கிறது, அவ்வளவே.

அப்படியானால் இந்தத் தேநீர் ரத்த அழுத்தத்தை என்னதான் செய்கிறது? விலங்குச் சோதனைகளில் சிட்ரால் ரத்தக்குழாய்ச் சுவரைத் தளர்த்துவதைப் பார்த்திருக்கிறார்கள். சிறுநீரையும் ஓரளவு கூடுதலாகப் போகச் செய்கிறது. மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் குறைவு. ஒரு கப் அளவில் தெரியும் இறக்கம் சிறியது. எந்தத் தொந்தரவும் இல்லாமல் எப்போதும் 100/65-இல் இருக்கிற ஒருவர் சாப்பிட்ட பிறகு ஒரு கப் குடிப்பதால் விழுந்துவிட மாட்டார். விழுகிறவர்கள் வேறு பலவற்றை அதோடு சேர்த்துச் செய்திருப்பார்கள்.

ஒருவரின் கதையை முழுதாகப் பாருங்கள். 47 வயதுப் பெண், ஒல்லியான உடல்வாகு, வழக்கமான அழுத்தம் 100/60. மூன்று நாளாகச் சளி, வயிறு உப்புசம், பசியில்லை. நான்கு தண்டைத் தழையோடு நறுக்கி, இஞ்சி போட்டு, ஒரு லிட்டர் தண்ணீரைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சியிருக்கிறார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர், மதியம் சோற்றுக்குப் பதில் ஒரு டம்ளர், படுக்கும்போது ஒரு டம்ளர். இடையில் இரண்டு முறை போர்வை போர்த்தி ஆவி பிடித்து, உடம்பெல்லாம் வியர்த்திருக்கிறது. நான்காம் நாள் விடியற்காலை சிறுநீர் கழிக்க எழுந்தவருக்குக் கண் இருட்டி, குளியலறை வாசலில் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

படுக்கவைத்து அளந்தபோது அழுத்தம் 98/60, நாடி 84. எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் 74/48, நாடி 116. நின்றவுடன் அழுத்தம் இறங்கி நாடி இவ்வளவு வேகமாக ஓடுகிறது என்றால் உடம்பில் நீரும் உப்பும் போதவில்லை. (அழுத்தம் இறங்கியும் நாடி ஏறவில்லை என்றால் எங்கள் யோசனை வேறு பக்கம் போகும்: நாள்பட்ட சர்க்கரை நோயில் பழுதான நரம்புகள், அல்லது நாடியைக் கட்டிவைக்கும் மாத்திரைகள்.) மூன்று நாளாக அவர் சோறும் உப்பும் சாப்பிடவில்லை. ஆவி பிடித்ததில் வியர்வையாக நீர் போனது. கஷாயத்தால் சிறுநீராகவும் கொஞ்சம் போனது. சூடான பானம் தோலடி ரத்தக்குழாய்களை விரித்துவைத்தது. புல் இதில் ஒரு பங்காளி மட்டுமே. ஆனால் அதைச் சாப்பாட்டின் இடத்தில் வைத்ததுதான் மற்ற எல்லாவற்றையும் இழுத்துவந்தது.

ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டர் நீரில் கலந்து சிறிது சிறிதாகக் குடித்து, உப்புப் போட்ட கஞ்சியும் மோரும் சாப்பிட்ட பிறகு, மாலைக்குள் நின்றால் 94/60-இல் நிலைத்தது. அவருக்கு மருந்து எதுவும் தேவைப்படவில்லை. இதய பலவீனமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு உப்பைக் கூட்ட வேண்டாம். உங்கள் கணக்கு வேறு.

அந்த ‘பாதியாகச் சுண்டக் காய்ச்சுவது’ பற்றியும் சொல்லியாக வேண்டும். வேர், பட்டை போன்ற கெட்டியான சரக்குகளுக்கு உள்ள முறையை இந்த மென்மையான இலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இதன் பயன் ஆவியாகிப் போகிற எண்ணெயில் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் அரை மணி நேரம் கொதித்தால் வீடு மணக்கும், டம்ளரில் கசப்பும் பச்சை நெடியும் மிஞ்சும். பிறகு “மணமே இல்லை” என்று இன்னும் இரண்டு தண்டு போடுகிறார்கள்.

சரியான அளவு இதுதான். ஒரு கப்புக்கு 200 மில்லி தண்ணீர். காய்ந்த இலையென்றால் நறுக்கியது ஒரு டீஸ்பூன், ஏறக்குறைய ஒன்றிலிருந்து இரண்டு கிராம் வரை. பச்சையென்றால் நீளமான இலை இரண்டு, அல்லது அடித்தண்டில் விரல் நீளத் துண்டு ஒன்று. தண்டை இடித்து நசுக்குங்கள், இலையைச் சிறிதாக நறுக்குங்கள். விளிம்பு அறுக்கும், கை கவனம். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு இலையைப் போட்டு, தட்டால் மூடி ஏழெட்டு நிமிடம் வையுங்கள். தட்டின் அடியில் திரளும் நீரை மறுபடி பாத்திரத்திலேயே வடியவிடுங்கள், மணம் அதில் இருக்கிறது. மெல்லிய வடிகட்டியால் வடியுங்கள். இலைச் சிலாம்பு தொண்டையில் குத்தும். இளமஞ்சளாக, வாசனை தூக்கலாக, கசப்பில்லாமல் இருந்தால் பக்குவம் சரி. அடர்ந்த பழுப்பாக இருந்தால் காய்ச்சியது அதிகம்.

உப்புசத்துக்குச் சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து ஒரு கப். சளிக்கு நாளுக்கு இரண்டு கப், மூன்று நான்கு நாள். சளியை இது குணப்படுத்தாது. சூடும் ஆவியும் மூக்கடைப்பையும் தொண்டைக் கரகரப்பையும் கொஞ்ச நேரம் தளர்த்தும். சாதாரணச் சளி ஒரு வாரம் பத்து நாளில் தானே போகும். மாதக்கணக்கில் தினமும் குடிக்கிற சரக்கு இல்லை இது. சிறுநீரகம் பழுதானவர்களும் கர்ப்பிணிகளும் மருந்துபோல இதைக் குடிக்க வேண்டாம்.

இனி லோ பிபி உள்ளவர்களுக்கு. எழுந்தால் தலை சுற்றுகிற வழக்கம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் நாளுக்கு ஒரு கப், அதுவும் அரை டீஸ்பூன் இலையில். வயிற்றில் ஏதாவது சாப்பிட்ட பிறகு, உட்கார்ந்து, குடிக்கும் சூட்டுக்கு ஆறவிட்டுக் குடியுங்கள். இரவு படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம். நடு இரவில் சிறுநீருக்கு எழுவதுதான் மிகவும் ஆபத்தான நேரம். அந்த நாளில் குளிக்கும் வெந்நீரின் சூட்டையும் ஆவி பிடிப்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் அன்று இந்தத் தேநீர் கிடையவே கிடையாது. கஞ்சி, மோர், ஓ.ஆர்.எஸ். போதும்.

வீட்டில் பிபி மிஷின் இருந்தால் ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒரு முறை அளந்து, எழுந்து நின்று ஒன்றாவது நிமிடமும் மூன்றாவது நிமிடமும் அளந்து பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலும், கீழ் எண் 10 இறங்கினாலும் தேநீரை நிறுத்திவிட்டு வந்து காட்டுங்கள். தனியாக இருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

லோ பிபி என்று தங்களை நினைக்காத ஒரு கூட்டம் இருக்கிறது, எனக்குப் பெரிய கவலை அவர்கள்தான். அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டான் அல்லது அம்லோடிபின், கூடவே நீர் போகும் மாத்திரை, புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடும் பெரியவர்கள். சளி பிடித்துச் சாப்பாடு குறைந்த நாளில் மாத்திரையும் போட்டு, இரண்டு மூன்று டம்ளர் கஷாயமும் குடித்தால், உயர் அழுத்தக்காரர் அன்றைக்கு லோ பிபிக்காரர். அப்பா, தாத்தா யாராவது வீட்டில் இப்படி இருந்தால் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். அதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டுத் தேநீரால் ஈடுகட்டவும் வேண்டாம். இரண்டு கப் புல் தேநீரால் 170-ஐ 130-ஆக்க முடியாது.

ஊட்டிக் கடைகளிலும் கேரளத்திலும் சிறு பாட்டிலில் விற்கும் புல் தைலத்தைத் தேநீரில் ஒரு சொட்டு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு சொட்டு என்பது ஏறக்குறைய 20, 25 மில்லிகிராம் சுத்த எண்ணெய். பச்சை இலையில் எண்ணெய் நூற்றில் அரைப் பங்குகூட இருக்காது. கப்பில் போடும் இரண்டு மூன்று கிராம் இலை கொடுப்பது அதைவிடக் குறைவு. எண்ணெய் தண்ணீரில் கரையாமல் மேலே மிதந்து நேராக வாயையும் தொண்டையையும் எரிக்கும். அதைக் குடிக்கவே கூடாது, ஒரு சொட்டும்.

கடைசியாக, ‘கேஸ்’ என்று சொல்லி இதைக் குடிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நெஞ்சு அழுத்தம், குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல் மூன்றும் சேர்ந்து வந்தால் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம், அதிலும் அழுத்தம் இறங்கும். 108-ஐக் கூப்பிடுங்கள். வாய்க்கு எதுவும் கொடுக்காமல், எழுந்து நடக்க விடாமல், வண்டி வரும்வரை அவரைச் சாய்த்து உட்காரவையுங்கள். மயங்குவதுபோல் இருந்தால் படுக்கவையுங்கள்.