பூட்டு போட்ட பிறகும் பெல்ட் ஓடலாம்

ஒரு சாய்வான கன்வேயர் பெல்ட். அதன் கியர்பாக்ஸை மாற்ற வேண்டும். எலக்ட்ரீஷியன் பேனலில் மோட்டாருக்குப் போகும் கரண்டைத் துண்டிக்கும் ஐசொலேட்டரை ஆஃப் செய்து பூட்டிவிட்டு, டேக்கும் கட்டிவிட்டார். ஃபிட்டரும் தன் பூட்டை, பல பூட்டுகள் மாட்டக்கூடிய அதே ஹாஸ்ப்பில் மாட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பெர்மிட்டில் எல்லாக் கட்டங்களிலும் டிக் விழுந்தாயிற்று. பராமரிப்பு வேலைகளுக்குப் பெர்மிட் கொடுக்கும் இடத்தில் இருப்பவன் என்ற முறையில் எனக்குக் கேள்விகள் ஆரம்பிப்பதே இதற்கு அப்புறம்தான்.

முதல் கேள்வி: பூட்டியது இந்த மோட்டாரின் ஐசொலேட்டரைத்தானா? பேனலில் ஒட்டியிருக்கும் பெயரை மட்டும் நம்ப முடியாது. எப்போதோ, மோட்டாருக்குப் பேனலிலிருந்து கரண்ட் கொடுக்கும் ஒரு ஃபீடர் பழுதாகியிருக்கும். அவசரத்துக்குப் பக்கத்தில் சும்மா இருந்த ஃபீடருக்குக் கேபிளை மாற்றியிருப்பார்கள். வரைபடத்தையும் பெயர்ப்பலகையையும் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட பேனலில் பூட்டு பத்திரமாக, தவறான இடத்தில் தொங்கும். அதனால்தான் பூட்டிய பிறகு மெஷின் பக்கத்தில் இருக்கும் ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்க்கிறோம். ஆட்கள் விலகி நிற்க வேண்டும், அப்புறம்தான் பட்டன்.

இந்தச் சோதனையில் பலர் கவனிக்காத ஓர் ஓட்டை இருக்கிறது. பட்டனை அழுத்தினோம், பெல்ட் ஓடவில்லை. சரி, எதனால் ஓடவில்லை? கரண்ட் இல்லாததாலா, வேறு காரணமா? கன்வேயர்கள் வரிசையாக இன்டர்லாக் செய்யப்பட்டிருக்கும். அடுத்த பெல்ட் நின்றிருந்தால் இது கிளம்பாது. செலக்டர் சுவிட்ச் ரிமோட்டில் இருந்தால் உள்ளூர்ப் பட்டனுக்கு வேலை இல்லை. பெல்ட் ஓரமாகப் போகும் அவசர நிறுத்தக் கயிறான புல் கார்டை யாரோ இழுத்துவிட்டு ரீசெட் செய்யாமல் விட்டிருந்தாலும் இதே கதைதான். இந்த நிலைகளில் மோட்டார் வரை வரும் மின்சாரம் உயிரோடு இருந்தாலும் பட்டன் பேசாது. நாம் "செத்துவிட்டது" என்று எழுதிவிடுவோம். பத்து நிமிடம் கழித்து கன்ட்ரோல் ரூமில் யாரோ வரிசையை ரீசெட் செய்து ஸ்டார்ட் கொடுத்தால் பெல்ட் கிளம்பும்.

ஆகவே வரிசையை மாற்ற வேண்டும். ஆஃப் செய்வதற்கு முன்பே செலக்டரை லோக்கலில் வைத்து, அதே பட்டனால் பெல்ட்டை ஒரு முறை ஓட்டி நிறுத்துங்கள். பட்டன் வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டது. அடுத்து ஐசொலேட்டரை ஆஃப் செய்து பூட்டி, வேறெதையும் மாற்றாமல் மறுபடி அதே பட்டனை அழுத்துங்கள். இப்போது ஓடவில்லை என்றால் அதற்கு அர்த்தம் உண்டு. சோதனை முடிந்ததும் செலக்டரை ஆஃப் நிலைக்குக் கொண்டுவர மறக்காதீர்கள்.

மெஷின் ஏற்கெனவே பழுதாகி நின்றிருந்தால் இப்படி ஓட்டிக் காட்ட முடியாது. அங்கே ஐசொலேட்டரிலிருந்து கரண்ட் வெளியேறும் பக்கத்திலும் மோட்டார் டெர்மினலிலும் மீட்டர் வைத்துப் பார்ப்பதுதான் வழி. மீட்டரை முதலில் உயிருள்ள, தெரிந்த ஒரு மின்சாரத்தில் சோதிக்க வேண்டும். அடுத்து அந்த இரண்டு இடங்களிலும் மூன்று ஃபேஸுக்கும் இடையேயும், ஒவ்வொரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் பார்க்க வேண்டும். பிறகு மீட்டரை மறுபடி உயிருள்ள இடத்தில் வைத்து, அது இன்னும் வேலை செய்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். ஐசொலேட்டரில் ஒரு கான்டாக்ட் மட்டும் உருகி ஒட்டிக்கொண்டிருந்தால், ஒற்றை ஃபேஸில் மோட்டார் கிளம்பாது, ஆனால் டெர்மினலில் கை வைத்தவருக்கு ஷாக் அடிக்கலாம். பட்டன் சோதனையால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் டெர்மினலைத் தொடப் போகிறவர், பட்டன் சோதனை சரியாக இருந்தாலும் மீட்டரை விடக்கூடாது. மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவில் ஓடுகிறது என்றால் இன்னொன்றும் சேரும்: 415 வோல்ட் டிரைவின் உள்ளே கெப்பாசிட்டர்களில் சுமார் 590 வோல்ட் டி.சி. தேங்கி நிற்கும். டிரைவின் மேல் எழுதியிருக்கும் நேரம் வரை காத்திருந்து, அதையும் அளந்த பிறகே திறக்க வேண்டும்.

எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திவிட்டு வேலை பார்ப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். அது கட்டுப்பாட்டுச் சர்க்யூட்டை மட்டும்தான் வெட்டுகிறது, மோட்டாருக்குப் போகும் மின்சாரப் பாதையில் அது இல்லை.

இனி, கரண்ட் உண்மையிலேயே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். சாய்வு பெல்ட்டுக்கு ஓட கரண்ட் தேவையில்லை. மேலே ஏறும் 30 மீட்டர் நீளத்தில், மீட்டருக்கு 40 கிலோ சரக்கு கிடக்கிறது என்றால் மொத்தம் 1,200 கிலோ. சாய்வு 15 டிகிரி என்றால் அதில் சுமார் 310 கிலோ எடை பெல்ட்டைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. உராய்வு கொஞ்சம் தடுக்கும், மீதியைத் தாங்குவது, பெல்ட் பின்னோக்கி ஓடாமல் பிடிக்கும் ஹோல்ட்பேக். அந்த ஹோல்ட்பேக் எங்கே இருக்கிறது என்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. பல கன்வேயர்களில் அது கியர்பாக்ஸின் உள்ளேயே இருக்கும். ஃபிட்டர் கப்ளிங் போல்ட்டைக் கழற்றும்போது பெல்ட்டைப் பிடித்து வைத்திருந்ததையே கழற்றிவிடுகிறார். பெல்ட் பின்னோக்கி ஓடும். கீழே டெயில் புல்லி பக்கத்தில் சுத்தம் செய்துகொண்டிருப்பவருக்கு ஐசொலேட்டரில் தொங்கும் பூட்டு எதுவும் செய்யாது.

முடிந்தால் நிறுத்துவதற்கு முன்பே சரக்கை முழுவதும் இறக்கி, காலி பெல்ட்டாக நிறுத்துங்கள். சரக்கோடு நின்றுவிட்டால் மேல் பெல்ட்டைக் கிளாம்ப் போட்டு ஃபிரேமோடு கட்ட வேண்டும். கவுன்டர்வெயிட்டைச் செயின் பிளாக்கால் தூக்கி, ஸ்ட்ரக்சரில் தாங்க வைக்க வேண்டும், ஏனென்றால் அதுவும் பெல்ட்டை இழுத்துக்கொண்டே இருக்கும் ஒரு சுமை. சரக்கைத் திசைதிருப்பும் டைவர்ட்டர் கேட்டுக்குக் காற்று போகிறதென்றால் வால்வை மூடிப் பூட்டி, உள்ளே இருக்கும் காற்றையும் வெளியேற்ற வேண்டும்.

டேக் விஷயத்தில் சுருக்கமாக ஒன்று. அதில் பெயர், வேலை, தேதி, தொடர்பு எண் இருக்க வேண்டும். அது கழன்று விழாமலும் இருக்க வேண்டும். அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் 1910.147 விதி, டேக்கைக் கட்டும் நாடா குறைந்தது 50 பவுண்டு, அதாவது சுமார் 23 கிலோ விசையைத் தாங்க வேண்டும் என்கிறது. பழைய கம்பியையும் நூலையும் வைத்துக் கட்டுபவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஷிஃப்ட் மாறும்போது வருபவர் தன் பூட்டைப் போட்ட பிறகே போகிறவர் தன்னுடையதை எடுக்க வேண்டும். நடுவில் ஒரு நிமிடம்கூட ஹாஸ்ப் காலியாகக் கிடக்கக் கூடாது. வருபவர் சோதனையையும் தானே செய்துகொள்ள வேண்டும், முந்தையவர் செய்தார் என்பது போதாது.

கடைசியில், பெரும்பாலும் வழுக்கும் ஓர் இடம். புது கியர்பாக்ஸ் உட்கார்ந்தாயிற்று, மோட்டார் கேபிளும் மாட்டியாயிற்று. இரண்டு ஃபேஸ் இடம் மாறியிருந்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றி, ஹோல்ட்பேக்கை உடைத்துவிடும். அதனால் கப்ளிங்கை இணைக்காமல் மோட்டாரை மட்டும் ஒரு நொடி சுற்றவிட்டுத் திசை பார்க்கிறோம். அதற்கு எல்லாப் பூட்டுகளும் கழற்றப்பட்டு, கரண்ட் வந்தாக வேண்டும். திசை சரியென்று தெரிந்ததும் கப்ளிங் போல்ட் மாட்டும் வேலை மட்டும்தான் மீதி. "ரெண்டு நிமிஷ வேலைதானே சார்" என்று அப்படியே உள்ளே கை போகும். அந்த இரண்டு நிமிடத்துக்கும் ஐசொலேட்டர் ஆஃப், அவரவர் பூட்டு, ஸ்டார்ட் பட்டன் சோதனை எல்லாம் மறுபடி முதலிலிருந்து வேண்டும். நான் கொடுக்கும் பெர்மிட்டில் இந்த இரண்டாவது பூட்டுக்குத் தனி வரியும் தனிக் கையெழுத்தும் உண்டு.