துளை எந்தப் பக்கம்? பக்கத் தோற்றம் இடம் மாறினால் வரும் வினை

கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் பக்கத்து ஐடிஐ, பாலிடெக்னிக் பிள்ளைகள் பலருக்கு வேலை எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவின் தடா, ஸ்ரீசிட்டி தொழில் நகரத்தில். பொறியியல் வரைபட வகுப்பில் அவர்கள் வரைந்து பழகியது முதற்கோண முறை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் எஸ்பி 46 கையேடு சொல்வதும் அதுதான். ஸ்ரீசிட்டியில் ஜப்பானிய நிறுவனங்கள் நிறைய. ஜப்பானில் வழக்கம் மூன்றாம் கோண முறை. இரண்டிலும் கோடுகள் ஒன்றுதான், ஒரு பொருளை முன்னிருந்து, மேலிருந்து, பக்கத்திலிருந்து பார்த்து வரையும் தோற்றங்கள் தாளில் உட்காரும் இடம்தான் வேறு. அந்த இட மாற்றம் ஒரு நல்ல எஃகுக் கட்டையை எப்படிப் பழைய இரும்பாக்கும் என்பதை ஒரே ஒரு படிக்கட்டையை வைத்துப் பார்ப்போம்.

கட்டையின் நீளம் 60 மிமீ, முன்னிருந்து பின்னுக்கு அகலம் 40, உயரம் 45. இடப்பக்கம் 25 மிமீ நீளத்துக்கு முழு உயரமும் நிற்கிறது. மீதி 35 மிமீ நீளத்தில் மேலே 30 மிமீ வெட்டி எடுத்தாயிற்று. 15 மிமீ கனத்தில் படி மட்டும் இருக்கிறது. அந்தப் படியில் மேலிருந்து கீழாக 10 மிமீ விட்டத்தில் ஒரு துளை. துளையின் மையம் வல ஓரத்திலிருந்து 15, முன் முகத்திலிருந்து 12. அகலத்தின் நடு 20. துளை அங்கே இல்லை, முன்பக்கம் தள்ளி இருக்கிறது. இதை மறக்க வேண்டாம். கற்பனையில் பிடிபடாவிட்டால் ஒரு குளியல் சோப்பை இதே அமைப்பில் வெட்டி, ஆணியால் துளை போட்டு மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் முன்தோற்றம். எல் எழுத்து வடிவம் முழுசாகத் தெரிகிற முகத்தையே முன்தோற்றமாக எடுக்க வேண்டும். ஏ3 தாளில் முழு அளவிலேயே வரையலாம், இடம் தாராளம். தோற்றங்களுக்கு நடுவே 30 மிமீ விட்டால் அளவுக்கோடுகள் நெருக்கியடிக்காமல் நிற்கும். 2எச் பென்சிலால் மெல்லிய கோடுகளில் மூன்று தோற்றங்களின் பெட்டிகளையும் போட்டுக்கொண்டு, எல்லாம் சரிபார்த்த பிறகுதான் எச் பென்சிலால் வெளிக்கோடுகளை அழுத்த வேண்டும். ஒரு தோற்றத்தை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிற பழக்கம் வேண்டாம். பிழை தெரியும்போது அழிக்க முடியாத அளவுக்குக் கோடு பதிந்திருக்கும்.

முன்தோற்றத்தில் துளை நேரடியாகத் தெரியாது. இட ஓரத்திலிருந்து 40, 50 ஆகிய இடங்களில், அடியிலிருந்து 15 உயரம் வரை இரண்டு மறைகோடுகள், அதாவது உள்ளே மறைந்திருப்பதைக் காட்ட விட்டுவிட்டு இழுக்கும் கோடுகள். நடுவே 45இல் மையக்கோடு. துளை முன்பக்கம் இருந்தாலும் பின்பக்கம் இருந்தாலும் இந்தக் கோடுகள் இப்படியேதான் வரும். இந்தக் கதையின் முடிச்சு இங்கேதான் விழுகிறது.

மேல்தோற்றம் முதற்கோணத்தில் முன்தோற்றத்துக்கு நேர் கீழே. 60க்கு 40 செவ்வகம், இடமிருந்து 25இல் குறுக்கே ஒரு முழுக்கோடு. பொருளின் முன் முகம் தாளில் கீழ் ஓரம் என்பதால், வட்டத்தின் மையம் கீழ் ஓரத்திலிருந்து 12 மேலே வரும்.

பக்கத் தோற்றம்தான் பிள்ளைகளைத் தடுமாற வைப்பது. முதற்கோணத்தில் பொருள் நமக்கும் திரைக்கும் நடுவே நிற்கிறது. சுவர் முன்னால் நிற்கும் ஆளின் மேல் விளக்கடித்தால் நிழல் அவருக்குப் பின்னால் விழும் அல்லவா, அதே கணக்கு. வலப்பக்கத்திலிருந்து பார்த்த தோற்றம் முன்தோற்றத்தின் இடப்பக்கம் விழும். நம் கட்டைக்கு வலப்பக்கத் தோற்றமே வசதி, படி மறையாமல் தெரியும். அதை முன்தோற்றத்துக்கு இடப்புறம் வரைகிறோம்: 40க்கு 45 பெட்டி, 15 உயரத்தில் குறுக்கே முழுக்கோடு. வலப்பக்கம் நின்று பார்ப்பவருக்குப் பொருளின் முன் முகம் அவருடைய இடது கைப்பக்கம். அதனால் துளையின் மையம் பெட்டியின் இட ஓரத்திலிருந்து 12. மறைகோடுகள் 7இலும் 17இலும். அகல அளவுகளை ஸ்கேலால் மறுபடி அளக்காமல், மேல்தோற்றத்திலிருந்து 45 பாகைச் சாய்கோட்டில் மோதவிட்டு மேலே ஏற்றினால், துளை முன்னா பின்னா என்ற குழப்பமே வராது. அளந்து வைக்கிறவர்கள்தான் 12ஐ வேறு ஓரத்திலிருந்து வைத்துவிடுகிறார்கள்.

இதே கட்டை மூன்றாம் கோணத்தில் வந்தால், திரை நமக்கும் பொருளுக்கும் நடுவே கண்ணாடி போல நிற்கும். மேல்தோற்றம் மேலே போகும். வலப்பக்கத் தோற்றம் வலப்பக்கமே இருக்கும். சின்ன வேலைகளுக்கு மேல்தோற்றம் இல்லாமல் முன், பக்கம் என்று இரண்டே தோற்றங்கள் கொடுப்பதும் உண்டு. அப்படி ஒரு மூன்றாம் கோணப் படம் முதற்கோணம் படித்த கையில் வந்தால், வலப்புறம் இருப்பதை அவர் இடப்பக்கத்திலிருந்து பார்த்த தோற்றம் என்று எடுப்பார். இடப்பக்கம் நின்று பார்ப்பவருக்கு முன் முகம் வலது கைப்பக்கம். இட ஓரம் என்பது பின் முகம். ஆக, 12 மிமீ பின் முகத்திலிருந்து அளக்கப்படும். துளை முன்னாலிருந்து 28இல் போய் விழும். முன்தோற்றம் அவரைத் தடுக்காது, அதில் கோடுகள் இரண்டுக்கும் ஒன்றுதான். வந்த கட்டை சரியானதன் கண்ணாடிப் பிம்பம். தலைகீழாக்கினாலும் சுற்றினாலும் பொருந்தாது.

வகுப்பில் தரும் பயிற்சிக் கட்டைகளில் துளை பெரும்பாலும் அகலத்தின் நடுவில் இருப்பதால் இந்தப் பிழை அங்கே தெரிவதே இல்லை. பயிற்சிக்குக் கொடுக்கிறவர்கள் துளையைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளிக் கொடுத்தால் நல்லது.

தப்பிக்க வழி படத்திலேயே இருக்கிறது. பக்கத் தோற்றத்தில் 15 உயரத்துக் கோட்டைப் பாருங்கள். இடப்பக்கத்திலிருந்து பார்த்தால் 45 உயரப் பகுதி முன்னால் நின்று படியை மறைக்கும். கோடு மறைகோடாகத்தான் வர வேண்டும். அது முழுக்கோடாக இருந்தால், பார்த்தது வலப்பக்கத்திலிருந்து. அந்தத் தோற்றம் முன்தோற்றத்தின் வலப்புறம் இருந்தால் படம் மூன்றாம் கோணம், இடப்புறம் இருந்தால் முதற்கோணம். மறைகோடு வரைய மறந்துபோய் முழுக்கோடாக இழுத்துவிடுகிற மாணவருக்கு ஒரு மதிப்பெண்தான் குறையும். பட்டறையில் அந்த ஒரு கோடுதான் சாட்சி.

தலைப்புக் கட்டத்தில் எந்த முறை என்று காட்டும் குறியீடும் இருக்கும்: ஒரு வெட்டுக் கூம்பு, பக்கத்தில் இரட்டை வட்டம். கூம்பின் சிறிய முனை இரட்டை வட்டத்தை விட்டு விலகி இருந்தால் முதற்கோணம், வட்டத்தை ஒட்டி இருந்தால் மூன்றாம் கோணம். ஆனால் குறியீட்டை மட்டும் நம்ப முடியாது. பழைய கோப்பைத் திறந்து, தலைப்புக் கட்டத்தை மாற்றாமல் புதுப் படத்தை அதில் வைக்கிறவர்கள் உண்டு. கேட் மென்பொருளிலும் டெம்ப்ளேட்டில் எந்த முறை அமைந்திருக்கிறதோ, தோற்றங்கள் அதன்படிதான் விழும். பக்கத்தில் ஒட்டிய குறியீடு வேறாக இருந்தாலும் மென்பொருள் கேள்வி கேட்காது. குறியீடு ஒன்று சொல்லி, படிக்கோடு வேறொன்று சொன்னால், "அண்ணா, இது எந்த ஆங்கிள்?" என்று வரைந்தவரைக் கேட்ட பிறகே கட்டையில் சென்டர் பஞ்ச் விழ வேண்டும்.