கோடுகளை எண்ணாதீர்கள், இடைவெளிகளை எண்ணுங்கள்

தேர்வுப் பயிற்சி வகுப்பில் விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒரு தவறு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. கணக்குப் போட்ட விதம் சரியாக இருக்கும். ஆனால் படத்திலிருந்து எடுத்த எண்ணே தவறாக இருக்கும்.

ஒரு பட்டை வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். செங்குத்து அச்சில் 200, 300, 400 என்று எழுதியிருக்கிறது. 300-க்கும் 400-க்கும் நடுவே மெல்லிய கோடுகள் நான்கு. ஒரு பட்டை 300-க்கு மேலே மூன்றாவது கோட்டைத் தொடுகிறது. அதன் மதிப்பு என்ன? பலர் 100-ஐ நான்கால் வகுத்து, ஒரு கோட்டுக்கு 25 என்று வைத்து, 375 என்கிறார்கள். கேள்வி அமைப்பவருக்கும் இது தெரியும், அதனால் 375 ஓர் ஆப்ஷனாகவே அங்கே இருக்கும். நான்கு கோடுகள் போட்டால் ஐந்து இடைவெளிகள் வரும். ஆகவே ஓர் இடைவெளி 20, விடை 360.

இதைச் சரிபார்க்க நான் சொல்லித்தருவது ஒன்றுதான்: அடுத்த எண் வரும்வரை எண்ணிப் பாருங்கள். 320, 340, 360, 380, அப்புறம் 400. சரியாக வந்து சேர்கிறது. 25 என்று வைத்திருந்தால் நான்காவது மெல்லிய கோட்டிலேயே 400 வந்துவிடும், 400 என்று எழுதிய கோட்டுக்கு 425 என்றாகும். அங்கேயே தவறு பிடிபட்டுவிடும்.

பட்டையின் உச்சி இரண்டு கோடுகளுக்கு நடுவே நின்றால்? முதலில் ஆப்ஷன்களைப் பாருங்கள். 310, 370, 450 என்று தள்ளித் தள்ளி இருந்தால் கண்ணளவே போதும். 366, 372 என்று நெருக்கமாக இருந்தால் ஸ்கேலை எடுக்க வேண்டும். 300-லிருந்து 400 வரை 25 மி.மீ., 300-லிருந்து பட்டையின் உச்சி 18 மி.மீ. என்றால், 18-ஐ 25-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க 72 வரும். மதிப்பு 372. படத்தைப் பெரிதாக்கினாலும் இந்த விகிதம் மாறாது. ஆனால் சாய்வாகப் பிடித்த போட்டோவில் மாறிவிடும், அங்கே அருகிலுள்ள கோட்டை மட்டுமே நம்பலாம்.

கோட்டு வரைபடத்திலும் அச்சைப் படிப்பது இப்படித்தான். புள்ளி வைத்த இடத்தை மட்டும் படியுங்கள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு போகும் இடங்கள் அளந்து பெற்ற மதிப்புகள் அல்ல.

இன்னொன்று, அச்சு எங்கே தொடங்குகிறது என்று பார்க்காமல் சதவீதக் கேள்வியைத் தொடாதீர்கள். மேலே சொன்ன படத்தில் அச்சின் அடி 200. முதல் பட்டை 240, இரண்டாவது 360. கண்ணுக்கு இரண்டாவது பட்டை நான்கு மடங்கு உயரமாகத் தெரியும், ஏனென்றால் அடியிலிருந்து ஒன்று 40-ம் மற்றது 160-ம் எழும்புகின்றன. 300 சதவீத உயர்வு என்ற ஆப்ஷன் அந்தக் கண்ணுக்காகவே வைத்தது. உண்மையான உயர்வு 240-க்கு 120, அதாவது 50 சதவீதம்.