ஐந்தாம் நாளும் காய்ச்சல் விடவில்லை என்றால்

இரண்டு வயதுக் குழந்தை, எடை 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் 103 டிகிரி காய்ச்சல். பாராசிட்டமால் கொடுத்தால் கொஞ்சம் இறங்குகிறது, சில மணி நேரத்தில் மறுபடி ஏறிவிடுகிறது. இரண்டாம் நாள் நெஞ்சிலும் வயிற்றிலும் சிவப்புத் தடிப்பு வந்து, நாலாம் நாளுக்குள் மங்கிப்போகிறது. மூன்றாம் நாள் இரண்டு கண்ணும் சிவக்கின்றன, ஆனால் பீளை இல்லை. கருவிழியைச் சுற்றி ஒரு மெல்லிய வெள்ளை வளையம் மட்டும் சிவக்காமல் நிற்கிறது. அப்புறம் உதடு ரத்தச் சிவப்பாகி வெடிக்கிறது, நாக்கு ஸ்ட்ராபெரிப் பழத்தின் மேல்தோல் மாதிரி சொரசொரப்பாகிறது. ஐந்தாம் நாள் கையும் பாதமும் வீங்கி, காலை ஊன்றவே அழுகிறது. தூக்கி வைத்தாலும் அழுகை, இறக்கிவிட்டாலும் அழுகை.

இதுதான் கவாசாகி நோய். டோமிசாகு கவாசாகி என்ற ஜப்பானியக் குழந்தை மருத்துவர் 1961-ல் முதல் குழந்தையைப் பார்த்து, 1967-ல் 50 குழந்தைகளைப் பற்றி எழுதினார். என்ன கிருமி, எது தூண்டுகிறது என்பது இன்றுவரை பிடிபடவில்லை. அதனால் 'இதுதான்' என்று சொல்லும் ரத்தப் பரிசோதனையும் கிடையாது. ஐந்து நாள் காய்ச்சலோடு கண், வாய், தோல், கை கால், கழுத்து நெறிகட்டு என்ற ஐந்தில் நான்கு இருந்தால் கவாசாகி என்று முடிவு செய்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், இவை எல்லாம் ஒரே நாளில் வந்து நிற்பதில்லை. இரண்டாம் நாள் பார்த்த டாக்டருக்கு அது வைரஸ் தடிப்பு. மூன்றாம் நாள் பார்த்தவருக்குக் கண்வலி. சிறுநீரில் வெள்ளணுக்கள் தெரிந்தால் சிறுநீர்த் தொற்று என்று ஆன்டிபயாடிக் தொடங்குவார்கள், கல்ச்சரில் எதுவும் வளராது, காய்ச்சலும் அசையாது. மறைந்துபோன தடிப்பும் கணக்கில் சேரும் என்பதால், அதை போனில் படம் எடுத்து, காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது என்று குறித்து வைத்திருக்கும் பெற்றோர் டாக்டருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கிறார்கள்.

வெளியே தெரியும் இந்தச் சிவப்பெல்லாம் தானாகவே ஆறிவிடும். பயம் உள்ளே இருக்கிறது. இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனிகள் இந்த வயதில் சுமார் 2 மில்லிமீட்டர் அகலம்தான். உடலின் சொந்தப் பாதுகாப்பு அணுக்களே அவற்றின் சுவருக்குள் புகுந்து, சுவரை இழுத்துப் பிடித்திருக்கும் மீள்தன்மை கொண்ட இழைகளை அரித்துவிடுகின்றன. இழை போன இடம் ரத்த அழுத்தத்தில் பலூன் மாதிரி புடைக்கிறது, புடைத்த இடத்தில் ரத்தம் சுழன்று தேங்குகிறது.

மருந்தே கொடுக்காவிட்டாலும் காய்ச்சல் ஒன்று முதல் மூன்று வாரத்தில் இறங்கிவிடும், விரல் நுனியில் நகத்தை ஒட்டித் தோல் உரியும், குழந்தை விளையாட ஆரம்பிக்கும். வீட்டில் எல்லோரும் மூச்சு விடுகிற அந்த வாரங்களில்தான் ரத்தத்தில் பிளேட்லெட் எகிறுகிறது, தமனிப் புடைப்பும் பெரிதாகலாம். தேங்கிய ரத்தம், கூடிப்போன பிளேட்லெட் இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கட்டு, அதிலிருந்து மாரடைப்பு.

சிகிச்சை பெறாத குழந்தைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத் தமனி இப்படிப் பாதிக்கப்படுகிறது. காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் அது நூற்றில் ஐந்து பேர் அளவுக்குக் குறைகிறது. இது கொடையாளர்களின் ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதம். கிலோவுக்கு 2 கிராம் கணக்கு, ஆக நம் குழந்தைக்கு 20 கிராம், 10 முதல் 12 மணி நேரம் மெதுவாக நரம்பில் ஏறும். மருந்து அழற்சியை அடக்குமே தவிர அரித்துப்போன இழையைத் திரும்ப நெய்து தராது, அவசரம் அதனால்தான். 10 நாள் தாண்டிவிட்டாலும் காய்ச்சலோ அழற்சியோ தொடர்ந்தால் கொடுக்கத்தான் செய்வார்கள். ஏற்றி முடித்து 36 மணி நேரத்துக்குப் பிறகும் காய்ச்சல் இருந்தால் முதல் டோஸ் போதவில்லை என்று அர்த்தம், பத்தில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு அப்படி ஆகும், அவர்களுக்குக் கூடுதல் மருந்து தேவை. கூடவே ஆஸ்பிரினும் உண்டு. காய்ச்சல் நின்றபின் பிளேட்லெட் ஒட்டாமலிருக்கக் குறைந்த அளவில் தொடரும்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைகளை நினைத்தால்தான் எனக்கு அதிகம் பதைக்கிறது. அவர்களுக்கு ஐந்தில் ஒன்றோ இரண்டோ அறிகுறிதான் தெரியும், சில நேரம் வெறும் காய்ச்சல் மட்டும்தான், ஆனால் தமனி புடைக்கும் ஆபத்து அவர்களுக்கே அதிகம். காரணம் தெரியாத காய்ச்சல் ஏழு நாள் நீடித்தால் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையோடு இதயத்துக்கு எக்கோவும் எடுக்க வேண்டும். ஒரு எக்கோ நன்றாக இருந்தது என்று அதோடு விட்டுவிடவும் கூடாது, புடைப்பு பிந்தியும் வரும்.

நம் குழந்தைக்கு ஆறாம் நாள் மருந்து ஏறியது, மறுநாளே காய்ச்சல் விட்டது. இரண்டாம் வாரமும் ஆறாம் வாரமும் எக்கோ எடுத்தார்கள், தமனி அளவு மாறவில்லை. ஆஸ்பிரினை நிறுத்திவிட்டார்கள். தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகளை மட்டும் 11 மாதம் தள்ளிப் போடச் சொன்னார்கள், ஏற்றிய எதிர்ப்புப் புரதம் உடம்பில் இருக்கும்வரை அந்த ஊசிகள் சரியாகப் பிடிக்காது.