ஆர்டர் பத்து சதவீதம் குறைந்தால் மெஷினின் மதிப்பு ஏன் முக்கால்வாசி போகிறது?

திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பிரிண்டிங்கை இதுவரை ஜாப் வொர்க்குக்குக் கொடுத்து வந்தோம். இப்போது சொந்தமாக மெஷின் போடலாமா என்று யோசனை. ஆடிட்டர் கணக்குப்படி இரண்டு வழிக்கும் நிகர நிகழ்கால மதிப்பு ஒன்றுபோலத்தான் வருகிறது. ஆனால் விற்பனையைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் மெஷின் கணக்கு மட்டும் அப்படியே சரிந்துவிடுகிறது. ஏன்?"

நிகர நிகழ்கால மதிப்பு, சுருக்கமாக என்பிவி, பலருக்கும் தெரிந்ததுதான். வரப்போகும் பணத்தையெல்லாம் வட்டி விகிதத்தில் தள்ளுபடி செய்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, அதிலிருந்து முதலீட்டைக் கழிப்பது. கீழே வரும் கணக்கில் 12 சதவீத வட்டி, 5 வருட ஆயுள் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் வருடா வருடம் வரும் 1 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு ஏறக்குறைய 3 ரூபாய் 60 காசு. வரியை விட்டுவிடுகிறேன்.

வருடத்துக்கு 1 லட்சம் டி-சர்ட், ஒன்று 200 ரூபாய். ஜாப் வொர்க் வழியில் துணி, தையல், பிரிண்டிங் கூலி எல்லாம் சேர்த்து ஒரு பீஸுக்கு 160 ரூபாய் போகிறது, 40 நிற்கிறது. வருடம் முழுவதும் 40 லட்சம். வாடகை, சம்பளம் போன்ற நிலையான செலவு 20 லட்சம் போக, கையில் 20 லட்சம். முதலீடு 30 லட்சம். என்பிவி 42 லட்சம்.

சொந்த மெஷின் போட்டால் ஒரு பீஸுக்கு ஆகும் செலவு 110 ஆக இறங்குகிறது, 90 ரூபாய் நிற்கிறது. ஆனால் ஆபரேட்டர் சம்பளம், கூடுதல் இடம், பராமரிப்பு, மின் இணைப்புக்கான நிலைக் கட்டணம் எல்லாம் சேர்ந்து நிலையான செலவு 55 லட்சமாகிறது. கையில் 35 லட்சம். முதலீடு 84 லட்சம். இதற்கும் என்பிவி 42 லட்சம்தான்.

இப்போது ஐந்து வருடமும் விற்பனை 10 சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக ஏற்றியதைப் பார்த்த ஊருக்கு இது கற்பனையே அல்ல. ஜாப் வொர்க் வழியின் என்பிவி 42-இலிருந்து 28 லட்சத்துக்கு வருகிறது. மெஷின் வழியோ 10 லட்சத்துக்கும் கீழே போய்விடுகிறது. 20 சதவீதம் குறைந்தால் ஜாப் வொர்க்கில் இன்னும் 13 லட்சம் மிச்சம் இருக்கும். மெஷினில் கிட்டத்தட்ட 23 லட்சம் நஷ்டம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். விற்பனை 1 சதவீதம் மாறினால் என்பிவி எத்தனை ரூபாய் மாறும் என்று எழுதிப் பாருங்கள். ஜாப் வொர்க்கில் 40 லட்சத்தில் 1 சதவீதம், அதாவது 40 ஆயிரம். அதை 3.6 ஆல் பெருக்கினால் 1 லட்சத்து 44 ஆயிரம். மெஷினில் 90 ஆயிரத்தை 3.6 ஆல் பெருக்க வேண்டும், 3 லட்சத்து 24 ஆயிரம். இந்தப் பெருக்கலில் வாடகையும் இல்லை, சம்பளமும் இல்லை, மெஷின் விலையும் இல்லை! ஆட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது ஒரு பீஸுக்கு எவ்வளவு நிற்கிறது என்பது மட்டும்தான். வரைபடமாகப் போட்டால் அதுதான் கோட்டின் சாய்வு. நிலையான செலவு கோட்டை மொத்தமாகக் கீழே இறக்கும், சாய்வைத் தொடாது.

அப்படியென்றால் நிலையான செலவைக் குறை சொல்வது ஏன்? இரண்டும் ஜோடியாக வருவதால்தான். மாறும் செலவைக் குறைத்து ஒரு பீஸில் அதிகம் மிச்சம் பிடிக்க வேண்டுமானால், அதற்கு ஈடாக ஒரு நிலையான செலவைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மெஷின் வழியில் 90 ரூபாய் நின்றும் என்பிவி அதே 42 லட்சத்தில் நிற்கக் காரணம், மீதியை நிலையான செலவும் முதலீடும் தின்றுவிட்டன. பெரிய தொகை ஒன்றிலிருந்து இன்னொரு பெரிய தொகையைக் கழித்து மிஞ்சிய சிறு தொகை அது. முதல் தொகை லேசாக அசைந்தாலும், கழிக்கும் தொகை அசையாமல் இருப்பதால், அசைவு முழுக்க மிச்சத்தின் மேல் விழுகிறது. ஆப்பரேட்டிங் லீவரேஜ் என்று சொல்வது இதைத்தான். விற்பனை கூடினாலும் இதே கதைதான்: 10 சதவீதம் ஏறினால் ஜாப் வொர்க் 56 லட்சத்தைத் தொடும், மெஷின் 75 லட்சத்தை நெருங்கும்.

மெஷின் விலையும் நிலையான செலவுதான் என்பதைப் பலர் பாதிதான் பார்க்கிறார்கள். 84 லட்சத்தை ஐந்தால் வகுத்து வருடத்துக்கு 16.8 லட்சம் தேய்மானம் என்று எழுதினால், 80 ஆயிரம் பீஸ் விற்றாலே நஷ்டமில்லை என்று வரும். ஆனால் அந்தப் பணம் ஐந்து வருடம் முடங்கிக் கிடப்பதற்கான வட்டியையும் சேர்த்தால் வருடச் சுமை 23.3 லட்சம். என்பிவி பூஜ்யமாகும் இடம் 87 ஆயிரம் பீஸ். இடைப்பட்ட 83 ஆயிரத்தில் நின்றால் லாப நஷ்டக் கணக்கு 2.9 லட்சம் லாபம் காட்டும், என்பிவியோ 13 லட்சம் நஷ்டத்தில் இருக்கும். ஆபத்தான இடைவெளி இது.

பெரிய நிறுவனங்களும் இதே இடத்தில் சறுக்கியிருக்கின்றன. 1971-இல் லாக்ஹீட் நிறுவனம் தன் டிரைஸ்டார் விமானத் திட்டத்தைக் காப்பாற்ற 25 கோடி டாலர் கடனுக்கு அமெரிக்க அரசின் உத்தரவாதத்தைக் கேட்டது. சுமார் 200 விமானங்கள் விற்றால் போட்ட பணம் திரும்பிவிடும் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம் சொன்னது. முடங்கிய முதலீட்டுக்கான வட்டி அந்தக் கணக்கில் இல்லை. கடைசியில் 250 விமானங்கள் தயாராகின, ஆனாலும் திட்டம் பெரும் நஷ்டத்தில்தான் முடிந்தது. வேறு காரணங்களும் உண்டு என்றாலும், 200 என்ற அந்த எண் ஆரம்பத்திலேயே மிகக் குறைவு.

சரி, ஏற்றமும் இறக்கமும் சமமாகத்தானே இருக்கின்றன, சராசரியில் சரியாகிவிடாதா? ஆகாது. மெஷினுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. வருடத்துக்கு 1 லட்சத்து 10 ஆயிரம் பீஸுக்கு மேல் அதில் ஓட்ட முடியாது என்று வையுங்கள். ஆர்டர் 20 சதவீதம் ஏறவும் இறங்கவும் சம வாய்ப்பு இருந்தால், ஏறும்போது கூடுதல் ஆர்டரில் பாதியைத்தான் பிடிக்க முடியும், இறங்கும்போது அடி முழுதாக விழும். இரண்டின் சராசரி 26 லட்சம்தான், திட்டத்தில் எழுதிய 42 அல்ல. கூடுதல் ஆர்டரை வெளியே ஜாப் வொர்க்குக்குக் கொடுத்தாலும், மந்தமான மாதங்களில் அடுத்தவர் பிரிண்டிங்கை எடுத்துச் செய்தாலும் இந்த இழப்பில் ஒரு பகுதி திரும்பும். மெஷின் போடுகிறவர் இந்த இரண்டு கதவுகளையும் திறந்தே வைத்திருக்க வேண்டும்.

மூலதன மானியம் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. மெஷின் விலையில் கால்வாசியை, அதாவது 21 லட்சத்தை, மானியமாகக் கொடுத்தால் என்பிவி 63 லட்சமாக உயரும். நல்லதுதான். ஆனால் சாய்வு மாறாது. ஒவ்வொரு 1 சதவீதச் சரிவுக்கும் அதே 3.24 லட்சம் போகும், 20 சதவீதம் சரிந்தால் அந்த மானியத்தோடும் என்பிவி பூஜ்யத்துக்குக் கீழேதான். மெஷின் வாங்கத் தூண்டும் அரசு, மந்தக் காலத்தில் மின் நிலைக் கட்டணத்தைத் தளர்த்தவும் முன்வர வேண்டும் என்பேன். ஆர்டர் குறையும்போது தானும் குறைகிற கட்டணம் மாறும் செலவாகிவிடுகிறது. சாய்வைக் குறைப்பது அதுதான்.