அரக்கன் சாவதற்குள் குழந்தை தூங்கிவிடுகிறது

சென்ற வாரமும் ஒரு சிறுவனை அழைத்து வந்தார்கள். ஐந்து வயது. விளக்கை அணைத்தால் அழுகிறான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டால்தான் கண்ணை மூடுகிறான். நடு இரவில் கழிப்பறைக்குப் போக அஞ்சிப் படுக்கையை நனைக்கிறான். "தைரியம் வரட்டும் என்று தினமும் கதை சொல்கிறேன், டாக்டர். பயம் கூடிக்கொண்டேதான் போகிறது" என்றார் தந்தை. என்ன கதை என்று கேட்டேன். இருட்டுக் குகையில் ஒளிந்திருக்கும் அரக்கனை ஒரு சிறுவன் வாளால் வெட்டிச் சாய்க்கும் கதையாம். அந்தச் சிறுவனுக்கு மகனின் பெயரையே சூட்டியிருந்தார். கதை முடியும்வரை அவன் விழித்திருப்பானா என்றேன். "எங்கே டாக்டர், பாதியிலேயே தூங்கிவிடுவான்" என்றார், சற்றுப் பெருமையோடு.

இந்த மாதத்தில் இது எத்தனையாவது அரக்கன் என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். பெற்றோர் அனைவரும் கதையின் முடிவை நம்புகிறார்கள்; முடிவில் அரக்கன் இறப்பதால் பயமும் இறந்துவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆனால் முடிவு வரும்போது கேட்பதற்கு ஆள் இல்லை. குகை இருண்டிருக்கிறது, உள்ளே எதோ உறுமுகிறது, சிறுவன் ஓர் அடி எடுத்து வைக்கிறான் என்ற இடத்தில் குழந்தை தூங்கிப்போகிறது. நீங்கள் வாளை உருவும்போது அது குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது. நடு இரவில் விழிக்கும்போது அதன் நினைவில் இருப்பது உயிரோடு உறுமும் அரக்கன்தான். முழுக் கதையையும் கேட்டுவிட்டால்கூட, இருட்டில் வெட்டப்பட வேண்டிய ஒருவன் இருந்தான் என்ற செய்தியைச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள்தான். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்து "பார், பேய் இல்லை" என்று காட்டுவதும் இதே வகையைச் சேர்ந்தது. இல்லாத ஒன்றை அப்பா எதற்காகக் குனிந்து தேடுகிறார் என்று ஐந்து வயது மூளை மிகச் சரியாகவே யோசிக்கிறது. கற்பனை வேகமாக வளர்ந்து, எது நிஜம் என்று பிரித்துப் பார்க்கும் திறன் இன்னும் பின்தங்கி வரும் வயது அது.

ஆகவே நான் கேட்பது ஒன்றே: எந்த வாக்கியத்தில் நிறுத்தினாலும் பயமில்லாத கதையைச் சொல்லுங்கள். அதில் எதிரி வேண்டாம், தேடல் வேண்டாம், "அப்போது திடீரென்று" என்ற சொல் வேண்டவே வேண்டாம். அந்தச் சிறுவனின் தாய்க்கு நான் சொல்லிக் கொடுத்த கதை இது.

ஒரு வீட்டில் ஒரு பூனைக்குட்டி இருந்தது. அது பால் குடித்தது, வாலை நக்கியது, பாயில் சுருண்டு படுத்தது. அம்மா விளக்கை அணைத்தாள். உடனே அறையில் இருந்த எல்லாம் காணாமல் போயின. "ஜன்னலே, எங்கே போனாய்?" என்று பூனைக்குட்டி கேட்டது. ஜன்னல் மெதுவாகச் சொன்னது: "நான் எங்கும் போகவில்லை, இங்கேதான் இருக்கிறேன். உன் கண் என்னிடம் நடந்து வருகிறது, கொஞ்சம் பொறு." பூனைக்குட்டி பொறுத்தது. ஜன்னல் சாம்பல் நிறத்தில் வந்து நின்றது. "தண்ணீர்க் குடமே, எங்கே போனாய்?" "நான் எங்கும் போகவில்லை, இங்கேதான் இருக்கிறேன்." குடம் தன் வயிற்றோடு மெல்ல வந்து உட்கார்ந்தது. "கொடியில் தொங்கும் சட்டையே, எங்கே போனாய்?" "நான் எங்கும் போகவில்லை. பகலில் உன் அண்ணன் போட்டிருந்தானே, அதே சட்டைதான். கையை இப்படித் தொங்கவிட்டுக்கொண்டு நானும் தூங்கப் போகிறேன்." மேலே மின்விசிறி டக், டக் என்றது. "நானும்தான்" என்றது. சுவரில் பல்லி ச்சு, ச்சு என்றது. "நானும்தான்" என்றது. பூனைக்குட்டி தன் வாலைக் கேட்டது: "வாலே, எங்கே போனாய்?" வால் மூக்கின் மேலேயே இருந்தது. அது சூடாக இருந்தது.

இவ்வளவுதான் கதை. இதில் வரும் ஜன்னலும் குடமும் சட்டையும் உங்கள் அறையில் உள்ளவையாகவே இருக்கட்டும். குடம் இல்லாத அறையில் பள்ளிப் பை பேசட்டும். சட்டையை மட்டும் விட்டுவிடாதீர்கள். என்னிடம் வரும் குழந்தைகள் வரைந்து காட்டும் பேய்களில் பாதி, கொடியில் தொங்கும் துணிதான்.

விளக்கை அணைத்த பிறகு, குழந்தை உங்களைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது, குரலைத் தாழ்த்தி இதைச் சொல்ல வேண்டும். கண்மணி சில நொடிகளில் விரிந்துவிடும். ஆனால் மங்கிய ஒளியில் பார்க்கும் செல்கள் முழுத் திறனுக்கு வர 20 முதல் 30 நிமிடம்வரை ஆகும். கதை அந்த வேகத்திலேயே நடக்கிறது. முதல் சில நிமிடங்களில் ஜன்னல் உண்மையாகவே தெரிய வரும்போது, நீங்கள் சொன்னதைக் குழந்தை தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்கிறது. எனவே ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் சில மூச்சு நேரம் காத்திருங்கள். இடையில் கைப்பேசியைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். அந்த வெளிச்சம் பட்டதும் கண் தன் வேலையை மீண்டும் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறது, வந்து நின்ற ஜன்னல் மறுபடி காணாமல் போகிறது. அறை முற்றிலும் கும்மிருட்டாக இருந்தால் எவ்வளவு பொறுத்தாலும் எதுவும் தெரியாது. திரையைச் சற்று விலக்குங்கள், அல்லது மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்றைப் பக்கத்து அறையில் எரியவிடுங்கள். படுக்கும் அறைக்குள் தரையோடு வைத்தால் அது நாற்காலியின் நிழலைச் சுவர் முழுக்க வளர்த்துவிடும்.

உங்களுக்கு ஜன்னல் தெரிந்து வெகுநேரமாகியும் குழந்தைக்குத் தெரியவில்லை என்றால், அதுவும் அந்தி நேரத்தில் பொருள்களில் இடித்துக்கொள்ளும் குழந்தை என்றால், அதைப் பயம் என்று ஒதுக்காமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். வைட்டமின் ஏ குறைபாட்டால் வரும் மாலைக்கண் இன்னும் ஒழிந்துவிடவில்லை. பயமே இல்லாதிருந்த குழந்தை ஒரே நாளில் மாறிவிட்டால், கதைக்கு முன் என்ன நடந்தது என்று பொறுமையாகக் கேளுங்கள். ஆறு மாதம் கடந்தும் தூக்கம் கெட்டுக்கொண்டே இருந்தால் எங்களிடம் அழைத்து வாருங்கள். அதுவரை, தைரியம் வரும் என்று இருட்டறையில் தனியே விட்டுக் கதவைச் சாத்துவதை எந்தத் தாத்தா பரிந்துரைத்தாலும் செய்யாதீர்கள்.

அந்தச் சிறுவன் நேற்று மறுபடி வந்தான். முதல் மூன்று இரவு பெரிய மாற்றம் இல்லை என்றார் தாய். நான்காம் இரவு, அவர் சட்டையைக் கேட்பதற்கு முன்பே அவன் கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டு, பதிலையும் சட்டையின் குரலில் அவனே சொல்லியிருக்கிறான். படுக்கை இன்னும் சில நாள் நனைகிறது, அது மெதுவாகத்தான் நிற்கும். பேசிக்கொண்டே தாய் பிஸ்கட்டை நீட்டினார். அவன் தலையைத் திருப்பிக்கொள்ள, "சாப்பிடுகிறாயா, பூச்சாண்டியைக் கூப்பிடட்டுமா?" என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. என் மேசைக்கு எதிரிலேயே.